நான்கு பொருளுக்கு மூன்று கெடு: ஒரு ஒப்பந்த மொழிபெயர்ப்பைத் திருத்திய கதை

"சார், மோட்டாருக்கு எத்தனை நாள்? முப்பதா, அறுபதா?"

பம்புகள் வாங்குவதற்கான ஒப்பந்தம் ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. வாங்கும் தரப்பின் ஸ்டோர் பொறுப்பாளர் போனில் இப்படிக் கேட்டதும், "முப்பது" என்று உடனே சொல்லிவிட்டேன். "அப்படின்னா பேனலுக்கு?" என்றார். "அறுபது." "நீங்க எழுதினதுல அப்படி வரலையே சார். நான் எண்ணிப் பார்த்தேன், பொருள் நாலு இருக்கு, நாள் மூணுதான் இருக்கு."

கோப்பைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஷரத்து 6.2-இல் நான் எழுதியிருந்தது இது:

"விற்பனையாளர் பம்புகள், மோட்டார்கள், கன்ட்ரோல் பேனல்கள் மற்றும் உதிரிபாகங்களைக் கொள்முதல் ஆணை, வரைபட ஒப்புதல் மற்றும் பம்புகளை இயக்கிவைத்த தேதியிலிருந்து முறையே 30, 60 மற்றும் 15 நாட்களுக்குள் வழங்க வேண்டும், தவறினால் வாரத்துக்கு முறையே 0.5, 1 மற்றும் 0.25 விழுக்காடு தாமத இழப்பீடு செலுத்த வேண்டும்."

ஆங்கில மூலத்தில் "பம்புகளும் மோட்டார்களும்" ஒரே தொகுதி. பேனல்கள் இரண்டாவது, உதிரிபாகங்கள் மூன்றாவது. அங்கே தொகுதிக்குள் ஒரு 'ஆண்ட்', தொகுதிகளுக்கு இடையே காற்புள்ளி என்று இரண்டு அடுக்காக இருந்தது. நான் எல்லாவற்றையும் காற்புள்ளியாலும் ஒரு 'மற்றும்' சேர்த்தும் ஒரே வரிசையாகத் தட்டையாக்கிவிட்டேன். அதனால் நாலு பொருள், மூன்று கெடு. வரிசைப்படி படித்தால் மோட்டாருக்கு 60 நாள், பேனலுக்கு 15 நாள், உதிரிபாகத்துக்குக் கெடுவே இல்லை. எண்ணிக்கை ஒத்துவராததால்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. தற்செயலாகப் பொருளும் மூன்று, நாளும் மூன்று என்று அமைந்து, வரிசை மட்டும் பிசகியிருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அதை நினைத்து அன்று முழு ஒப்பந்தத்தையும் மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். என்ன செய்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வேலையாக மொழிபெயர்ப்பை ஒதுக்கிவைத்துவிட்டு ஆங்கிலத்தை மட்டும் படித்து ஒரு கட்டம் போட்டேன். இடப்பக்கம் பொருள்; மேலே கெடு, கெடு தொடங்கும் நாள், இழப்பீடு. மூன்று வரிசை, மூன்று பத்தி, ஒன்பது கட்டம். கட்டம் போடும்போதே இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஆங்கிலத்தில் 'ரெஸ்பெக்டிவ்லி' என்ற சொல் "30, 60, 15 நாட்கள்" என்பதற்குப் பிறகும், தொடங்கும் நாட்களுக்கு முன்பும் நின்றது. அது நாட்களை மட்டும் பொருள்களோடு கட்டுகிறதா, தொடங்கும் நாட்களையும் சேர்த்துக் கட்டுகிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். மூன்று நிகழ்வுகளும் நடந்து முடிந்த பிறகுதான் எல்லாப் பொருளுக்கும் கெடு தொடங்கும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாட இடம் இருக்கிறது. இதை மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்கக் கூடாது. ஒப்பந்தத்தை வரைந்தவருக்குக் கட்டத்தை அப்படியே அனுப்பி, "ஒன்பது கட்டமும் சரியா?" என்று ஒரே கேள்வி கேட்டேன். "சரி, ஒவ்வொன்றும் அதனதன் நாளிலிருந்து" என்று பதில் வந்தது. நீளமாக விளக்கிக் கேட்டால் நீளமாகவும் தெளிவில்லாமலும் பதில் வரும். கட்டத்தை அனுப்பினால் ஆம், இல்லை என்று வரும். இது என் அனுபவம்.

'முறையே' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வரிசையை இன்னொரு வரிசையோடு கோத்துப் படிப்பது தமிழுக்குப் புதிதல்ல. நிரல்நிறை என்று இலக்கணம் பெயரே வைத்திருக்கிறது. "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது" என்ற குறளில் அன்பு பண்போடும், அறன் பயனோடும் சேர்வது பள்ளியிலேயே படித்ததுதான். 'முறையே' என்ற சொல் இல்லாமலே அது ஓடுகிறது. ஆனால் அது ஏன் ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கு இரண்டு, நான்குமே -உம் ஏற்ற சொற்கள், உள்ளே அடுக்கு எதுவும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. "விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல் கற்றாரோடு ஏனையவர்" என்ற குறளில் வரிசை தலைகீழ்; கற்றவர் மக்கள், மற்றவர் விலங்கு. எதிர் நிரல்நிறை. பொருளை வைத்துத்தான் அதை அவிழ்க்க முடிகிறது. கற்றவரை யாரும் விலங்கு என்று சொல்ல மாட்டார்கள் என்பது படிப்பவருக்கே தெரியும். ஒப்பந்தத்தில் அந்த உதவி கிடைக்காது. மோட்டாருக்கு 30 நாளா 60 நாளா என்பதைப் பொது அறிவை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அதனால் எனக்கு நானே ஒரு எல்லை வைத்துக்கொண்டேன். இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு உறுப்பு, அவை அருகருகே இருந்தால் மட்டும் 'முறையே'. "தலைவரும் செயலாளரும் முறையே 2 ஆண்டும் 3 ஆண்டும் பதவி வகிப்பர்" என்பதில் ஒரு குறையும் இல்லை. 'முறையே' இரண்டாவது வரிசைக்கு ஒட்டி முன்னால் நிற்க வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் ஆங்கிலம்போலக் கொண்டுபோய் வைத்தால் வினையோடு ஒட்டிக்கொண்டு 'முறைப்படி' என்ற வாசம் வந்துவிடும். மூன்றாவது வரிசை வந்தாலே பிரித்து எழுதிவிடுவது. 6.2-ஐ இப்படிப் பிரித்தேன்:

6.2 விற்பனையாளர் பொருள்களைக் கீழ்க்கண்டவாறு வழங்க வேண்டும்:
(1) பம்புகளையும் மோட்டார்களையும் கொள்முதல் ஆணையின் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் வழங்க வேண்டும். தவறினால் வாரத்துக்கு 0.5 விழுக்காடு தாமத இழப்பீடு செலுத்த வேண்டும்.
(2) கன்ட்ரோல் பேனல்களை வரைபடங்களுக்கு ஒப்புதல் கிடைத்த தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் வழங்க வேண்டும். தவறினால் வாரத்துக்கு 1 விழுக்காடு தாமத இழப்பீடு செலுத்த வேண்டும்.
(3) உதிரிபாகங்களைப் பம்புகள் இயக்கிவைக்கப்பட்ட தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் வழங்க வேண்டும். தவறினால் வாரத்துக்கு 0.25 விழுக்காடு தாமத இழப்பீடு செலுத்த வேண்டும்.

"வழங்க வேண்டும்", "செலுத்த வேண்டும்" என்று மூன்று தடவை வருவது காதுக்கு இனிமையாக இல்லைதான். ஒப்பந்தத்தில் அது குறையே அல்ல. ஒரு வரியை மட்டும் படிக்கிறவருக்கும் அந்த வரியிலேயே முழு விவரமும் கிடைக்கிறது. முதல் வரைவில் "பம்புகளையும் அவற்றுக்கான மோட்டார்களையும்" என்று எழுதி, பிறகு 'அவற்றுக்கான' என்பதை அழித்தேன். வாக்கியம் இயல்பாக இருந்தது. ஆனால் தனியாக ஆர்டர் செய்த மோட்டார் இந்த வரிக்குள் வராமல் போய்விடும். மூலத்தில் இல்லாத உறவு ஒன்றை ஒரு சொல் புகுத்திவிடுகிறது. -உம் இரண்டும் சேர்ந்தே தொகுதியைக் கட்டிவிடுகின்றன, அதற்குமேல் தேவையில்லை.

அடுத்தது 'ஆண்ட்/ஆர்'. ஒப்பந்தத்தில் ஏழு இடத்தில் வந்தது, ஏழிலும் "மற்றும்/அல்லது" என்று போட்டிருந்தேன். ஸ்டோர் பொறுப்பாளர் போனில் ஒரு ஷரத்தை வாசித்துக் காட்டியபோது "மற்றும் அல்லது" என்று வாசித்துவிட்டு நின்றார். சாய்கோட்டுக்கு வாயில் ஒலி இல்லை. வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் ஆவணத்தில் வாசிக்க முடியாத குறி இருக்கக் கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் மூன்று வகையாகப் பிரிந்தன. உரிமை தரும் இடங்கள் எளிது. கெடு தவறினால் வாங்குபவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம், இழப்பீடு கோரலாம், 'ஆண்ட்/ஆர்' வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒன்று. "வாங்குபவர் பின்வருவனவற்றுள் ஒன்றையோ ஒன்றுக்கு மேற்பட்டவற்றையோ செய்யலாம்" என்று தலைவரியில் எழுதி, மூன்றையும் கீழே அடுக்கினேன். இரண்டே உறுப்பு இருந்த இடத்தில் "இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ".

கடமை சுமத்தும் இடம்தான் தலைவலி. குறையுள்ள பொருளை விற்பனையாளர் "பழுது நீக்க 'ஆண்ட்/ஆர்' மாற்றித்தர வேண்டும்" என்று ஷரத்து 8.1. இதைப் "பழுது நீக்கவோ மாற்றித்தரவோ வேண்டும்" என்று தமிழில் எழுதினால் எதைச் செய்வது என்ற முடிவு செய்கிறவர் கையில், அதாவது விற்பனையாளர் கையில் இருப்பதாகவே படிப்பவருக்குப் படும். வாங்குபவர் புதுப் பம்பு கேட்பார், விற்பனையாளர் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பார். ஆங்கிலமும் யார் கையில் முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அது மூடிக் கிடந்தது. தமிழில் எழுதும்போது வெளியே வந்துவிட்டது. இதையும் கேள்வியாக அனுப்பினேன். வரைந்தவர் ஆங்கிலத்திலேயே "வாங்குபவர் தெரிவு செய்கிறபடி" என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்துக் கொடுத்தார்.

மூன்றாவது வகை எதிர்மறை. எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றவோ துணை ஒப்பந்தம் கொடுக்கவோ கூடாது என்பது. நான் முதலில் எழுதியது "ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றி மற்றும்/அல்லது துணை ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது". 'மாற்றி' என்ற எச்சம் இரண்டையும் ஒரே செயலாகக் கோத்துவிட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் தப்பு என்பதுபோல ஆகிவிட்டது. "மாற்றவோ துணை ஒப்பந்தம் கொடுக்கவோ கூடாது" என்று -ஓ, -ஓ போட்டதும் சாய்கோடு இல்லாமலே வேலை முடிந்தது. எதிர்மறைக்கு முன்னால் வரும் -ஓ இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும் தடுத்துவிடும். ஆங்கிலத்தில் இதற்காகப் படும் பாடு தமிழில் படவே வேண்டியதில்லை.

இனி நீளப் பட்டியல். ஷரத்து 15-இல் விற்பனையாளரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகள் ஒன்பது. தீ விபத்து, வெள்ளம், நிலநடுக்கம் என்று தொடங்கி ஒன்பதாவதாக வேலைநிறுத்தம். அதற்குப் பிறகு ஒரு வால்: 14 நாட்களுக்கு மேல் தாமதம் உண்டாக்குவதும், 5 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கப்பட்டதும் ஆன நிகழ்வு. ஆங்கிலத்தில் அடை பின்னால் வரும், தமிழில் முன்னால் வரும். பழக்கதோஷத்தில் வாலைத் தூக்கி முன்னால் வைத்திருந்தேன்: "14 நாட்களுக்கு மேல் தாமதம் உண்டாக்கி, 5 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கப்பட்ட தீ விபத்து, வெள்ளம், நிலநடுக்கம்..." இப்படி எழுதினால் நிபந்தனை தீ விபத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மற்ற எட்டுக்கும் அது உண்டா என்பது படிப்பவர் மனம்போல. ஆங்கிலத்தில் இந்தச் சண்டை கடைசி உறுப்பில் நடக்கும். அப்படியே புரட்டிப்போட்டால் தமிழில் முதல் உறுப்பில் நடக்கிறது.

வால் உண்மையில் எதைச் சேர்ந்தது என்று பார்க்கப் போனால், எனக்கு வந்த வேர்ட் கோப்பு பிடிஎஃப்-இலிருந்து மாற்றியது. மாற்றியபோது ஓரம் கலைந்து, வால் ஒன்பதாவது உறுப்போடு ஒட்டியிருந்தது. மூல பிடிஎஃப்-ஐக் கேட்டு வாங்கினேன். அதில் வால் பட்டியலின் உள்தள்ளலில் இல்லை, இடது ஓரத்தில் தனி வரியாகத் தொடங்குகிறது. அப்படியென்றால் ஒன்பதுக்கும் பொது. தமிழில் அதைத் தனி வாக்கியமாகவே பட்டியலுக்குக் கீழே வைத்தேன்: "மேலே (1) முதல் (9) வரையுள்ள நிகழ்வு எதுவானாலும், அது 14 நாட்களுக்கு மேல் தாமதம் உண்டாக்கியிருந்தால் மட்டுமே, 5 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கப்பட்டும் இருந்தால் மட்டுமே, இந்த ஷரத்து பொருந்தும்." எண்களைச் சொல்லிவிட்டால் ஓரம் எப்படிக் கலைந்தாலும் நிபந்தனை இடம் மாறாது.

எண்கள் என்று சொன்னேன், எழுத்துகள் அல்ல. மூலத்தில் ஏ, பி, சி என்று இருந்ததை முதலில் அ, ஆ, இ ஆக்கியிருந்தேன். இன்னொரு ஷரத்தில் ஆறாவது உறுப்பைச் சுட்டும் குறிப்பு வந்தபோது நான் விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. உயிரெழுத்து பன்னிரண்டோடு தீர்ந்தும்போகும். எண்ணாக மாற்றினேன்; ஆங்கிலப் பிரதியிலும் எண்ணாக மாற்றிக்கொள்ள வரைந்தவர் ஒத்துக்கொண்டார்.

பட்டியலில் இன்னும் இரண்டு இடங்களில் கைவைத்தேன். ஆங்கிலத்தில் பட்டியல் முழுவதற்குமான 'ஆண்ட்' அல்லது 'ஆர்' கடைசிக்கு முந்தைய உறுப்பின் முடிவில் ஒளிந்திருக்கும். ஒன்பது உறுப்பில் எட்டைப் படித்த பிறகுதான் எல்லாம் வேண்டுமா, ஒன்று போதுமா என்று தெரியும். தமிழில் அதைத் தலைவரிக்குக் கொண்டுவந்தேன்: "பின்வரும் அனைத்தும் நிறைவேற வேண்டும்" அல்லது "பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று நிகழ்ந்தால்". இன்னொன்று, பட்டியலை முடிக்கும் சொல். மூடிய பட்டியல் ஒன்றில் பழக்கத்தில் 'முதலிய' என்று எழுதியிருந்தேன். 'ஆகிய' என்றால் அவ்வளவுதான். 'முதலிய', 'போன்ற' என்றால் இன்னும் உண்டு. அந்த ஒரு சொல்லால் விற்பனையாளருக்குச் சாக்குகளின் கதவு திறந்துவிடும்.

உறுப்புகளை ஒரே வடிவில் எழுதுவது பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கு ஒன்று ஞாபகம் வந்தது. கூடுதல் நேர ஊதியம் எந்தெந்த வேலைகளுக்குக் கிடையாது என்று மாநிலச் சட்டம் அடுக்கிய பட்டியல், "அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பொதிதல்" என்று படிக்கவும், "அனுப்புவதற்காகப் பொதிதல், விநியோகித்தல்" என்று படிக்கவும் இடம் தந்தது. ஒரு காற்புள்ளி இல்லாததால் வந்தது. பால் வண்டி ஓட்டுநர்கள் விநியோகித்தார்கள், பொதியவில்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பட்டியலின் மற்ற வேலைகள் எல்லாம் தொழிற்பெயர் வடிவில் இருந்தன, 'விநியோகம்' மட்டும் அப்படி இல்லை என்பதும் ஓட்டுநர்களின் வாதங்களில் ஒன்று. இந்த வரியைத் தமிழாக்கச் சொன்னால் குழப்பத்தைக் குழப்பமாகவே கொண்டுவர முடியாது. -உக்கு போடுவதா, -தல் போடுவதா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அதனால்தான் வேற்றுமை உருபில் கை தயங்கும் ஒவ்வொரு இடமும் எனக்கு இப்போது ஒரு சமிக்ஞை. தயக்கம் வந்தால் மூலத்தில் இரண்டு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். எழுதாமல் நிறுத்திக் கேட்க வேண்டும்.

இந்த வேலையில் மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒரு வகையில் இடைஞ்சலாக இருந்தது. அது பட்டியலின் ஒவ்வொரு உறுப்பையும் தனித் துண்டாகக் காட்டும். தலைவரி ஒரு துண்டு, வால் வேறொரு துண்டு. துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாமே சரியாகத் தெரியும். பட்டியல் உள்ள ஷரத்துகளை மட்டும் வேர்டில் தலையிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் எழுதி, பிறகு துண்டுகளில் ஒட்டினேன். துண்டுகள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத இடங்களில் இரண்டு துண்டுகளைச் சேர்த்துவிட்டேன்.

கடைசியில் சோதனை. நானே ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பயனில்லை. என் மனம் சரியான விடையை ஏற்கெனவே வைத்திருக்கும். ஆங்கிலப் பிரதியைப் பார்க்காதவர் வேண்டும். ஸ்டோர் பொறுப்பாளரையே கேட்டேன். தமிழ்ப் பிரதியையும் வெறும் கட்டத்தையும் அனுப்பி, "படித்து நிரப்பிக் கொடுங்கள், எதையும் என்னிடம் கேட்க வேண்டாம், தெரியாவிட்டால் காலியாக விடுங்கள்" என்றேன். பழைய வரைவையும் பெயர் போடாமல் இன்னொரு அலுவலக நண்பரிடம் கொடுத்தேன். பழையதை நிரப்பியவர் மோட்டாருக்கு எதிரே 60 என்று எழுதி, உதிரிபாகங்களுக்கு எதிரே மூன்று கட்டத்தையும் காலியாக விட்டிருந்தார். வாசகர் எங்கே இடறுவார் என்று நான் நினைத்தேனோ அங்கேயே இடறியிருக்கிறார்.

புதியதில் ஒன்பது கட்டமும் சரியாக நிரம்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும்: "பம்பை இயக்கிவைத்த தேதின்னு யார் எழுதிக் கொடுப்பாங்க?" உதிரிபாகங்களின் 15 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடுகிறது. ஒப்பந்தத்தை முழுக்கத் தேடினேன். ஆங்கிலத்திலும் அதற்குப் பதில் இல்லை. கேள்வியை அப்படியே வரைந்தவருக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் 6.3 என்று ஒரு புதிய ஷரத்து வந்தது: இயக்கிவைத்த நாளில் இரு தரப்பும் கையெழுத்திடும் சான்றிதழின் தேதியே அந்தத் தேதி.